லைன் ஓரத்தில் மலை கட்டுவது எப்படி?

அசெம்பிளி லைனுக்குப் புது சூப்பர்வைசராக வந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். இனி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கப்போவது ஷார்ட்டேஜ். பாகம் இல்லாமல் லைன் நின்றால் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், சங்கு அடிக்கும், மேலதிகாரி வருவார், அவருக்கு மேலதிகாரியும் வருவார். அந்த அவமானம் ஒரு தடவைகூட நேராமல் இருக்க வேண்டுமானால் பாகங்களை லைன் ஓரத்தில் மலையாகக் குவித்து வைத்துவிட வேண்டியதுதான். அதை முறையாகச் செய்வதற்கான வழிகாட்டி இது.

பயிற்சி வகுப்பில் உங்களுக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பார்கள். டோயோட்டாவில் தாய்ச்சி ஓனோ 1953லேயே தன் இயந்திரப் பிரிவில் இதைச் செய்து காட்டினார் என்பார்கள். அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்புவார்களே, அந்த யோசனைதான் அவருக்கு வழி காட்டியது என்றும் சொல்வார்கள். கல்யாணப் பந்தியில் சாம்பார் அண்டாவை இலைக்கு ஒன்றாக இறக்கி வைக்கிறோமா, வாளியோடு ஆள் திரும்பத் திரும்ப வருகிறார் அல்லவா என்று உதாரணமும் கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வாருங்கள். ஆனால் கணக்கை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கெடுக்கப்போகிறோம் என்று தெரியாமல் ஒழுங்காகக் கெடுக்க முடியாது.

ஓர் உதாரண லைனை எடுத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிள் லைன். நிமிடத்துக்கு ஒரு வண்டி இறங்குகிறது. இடைவேளை போக ஷிப்டுக்கு 450 வண்டி. ஒரு ஸ்டேஷனில் ஹாரன் மாட்டுகிறார்கள், வண்டிக்கு ஒன்று. ஒரு பிளாஸ்டிக் பின்னில் 15 ஹாரன், அதாவது கால் மணி நேரத்துக்கு ஒரு பின் காலியாகும். ஸ்டோர்ஸ் பக்கத்தில் பாகங்களைப் பிரித்து அடுக்கிய ரேக்குகள் இருக்கின்றன. அந்த இடத்துக்குப் பெயரே சூப்பர்மார்க்கெட். அங்கிருந்து டிராலிகளை இழுத்துக்கொண்டு ஒரு சிறிய டக்கர் வண்டி அரை மணிக்கு ஒரு தடவை லைனைச் சுற்றி வருகிறது.

ஒவ்வொரு பின்னோடும் ஒரு கார்டு உண்டு. பாக எண், ஸ்டேஷன் முகவரி, பின்னில் எத்தனை, சூப்பர்மார்க்கெட்டில் எந்த ரேக் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆபரேட்டர் ஒரு பின்னிலிருந்து முதல் ஹாரனை எடுத்ததுமே அதன் கார்டைக் கழற்றிக் கார்டு பெட்டியில் போட வேண்டும். பின் காலியாகும்வரை காத்திருக்கக் கூடாது. டக்கர்காரர் வரும்போது கார்டை எடுத்துக்கொள்வார், அடுத்த சுற்றில் அந்தக் கார்டுக்கு உரிய நிறைந்த பின்னைக் கொண்டுவருவார்.

இப்போது எத்தனை பின் வேண்டும்? டக்கர் நகர்ந்த அடுத்த நொடியில் ஆபரேட்டர் கார்டைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பெட்டியில் 30 நிமிடம் கிடக்கும். எடுத்துப் போன பிறகு பின் வந்து சேர இன்னொரு 30 நிமிடம். ஆக மோசமான நிலையில் 60 நிமிடம், 60 ஹாரன், நாலு பின். டக்கர் கொஞ்சம் தாமதித்தால் தாங்குவதற்கு இன்னொன்று. மொத்தம் ஐந்து பின், ஐந்து கார்டு, 75 ஹாரன். ரேக்கில் அதற்கு மேல் ஒரு பின்னுக்கும் இடம் இருக்காது, இருக்கவும் கூடாது. அந்த ஐந்தாவது பின் 15 நிமிடத் தாமதத்தைத் தாங்கும். ஒரு சுற்றே வராமல் போனால் தாங்காது. இதுதான் கணக்கு. இனிக் கெடுப்போம்.

முதல் வேலை, கார்டு பெட்டியை ஆபரேட்டரின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மூன்றடி தள்ளி, தூணின் அந்தப் பக்கம் மாட்டினால் பார்க்க அழகாகவும் இருக்கும். அறுபது நொடியில் ஹாரனை மாட்டி, போல்ட் முறுக்கி, ஒயர் சொருக வேண்டிய மனிதர் ஒவ்வொரு கார்டுக்கும் அங்கே நடக்கப்போவதில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவர் சோம்பேறி இல்லை, உங்கள் தூண் செய்யும் வேலை அது.

ஷிப்ட் 8 மணிக்குத் தொடங்குகிறது, ஐந்து பின்னும் நிறைந்திருக்கின்றன. டக்கர் 8.10, 8.40, 9.10, 9.40 என்று வரும். கார்டு ஒழுங்காகப் பெட்டிக்குப் போனால் 8.10க்கு ஒரு கார்டும், 8.40க்கு இரண்டும், 9.10க்கு இரண்டும் டக்கரில் ஏறும். அவற்றுக்கான பின்கள் அடுத்தடுத்த சுற்றில் வந்து இறங்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. பையில் தங்கினால் கதை வேறு. 8.10க்கு வந்த டக்கர்காரர் பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் போவார். 8.40க்கும் அப்படியே. கடைசிப் பின்னைத் திறந்த பிறகு 9.05க்கு ஆபரேட்டருக்கு ஞாபகம் வந்து ஐந்து கார்டையும் ஒன்றாகப் போடுகிறார். 9.10க்கு ஐந்தும் போகின்றன. 9.15க்கு ஹாரன் தீர்கிறது. ஐந்து பின் வந்து சேர்வது 9.40க்கு. இடையில் 25 நிமிடம், 25 வண்டி.

அவ்வளவு நேரம் லைனை நிற்க விடுவீர்களா? விடமாட்டீர்கள். “தம்பி, ஓடு, ஹாரன் ஒரு பாக்ஸ் தூக்கிட்டு வா!” என்று ஒரு கான்ட்ராக்ட் பையனை அனுப்புவீர்கள். அவன் பத்து நிமிடத்தில், வேர்க்க வேர்க்க, சப்ளையரின் 60 ஹாரன் அட்டைப்பெட்டியை அப்படியே தூக்கி வருவான். ஸ்டேஷனில் இருப்பவர், “என்னண்ணே இது, பிரிக்காமலே வருது!” என்பார். பரவாயில்லை, கத்தி கொடுங்கள். 25 நிமிடம் பத்து நிமிடமாகக் குறைந்துவிட்டது. மாலைக் கூட்டத்தில் அந்தப் பையனைக் கைதட்டிப் பாராட்டுங்கள். மறக்காமல் பாராட்ட வேண்டும், ஏனென்றால் நாள் முழுவதும் நேரம் தவறாமல் சுற்றிவந்த டக்கர்காரரை யாரும் பாராட்டுவதில்லை. எந்த வேலைக்கு இங்கே மதிப்பு என்பது மற்றவர்களுக்கும் புரிய வேண்டாமா?

இதில் நுணுக்கமான பலன் ஒன்று இருக்கிறது. ஓடி வந்த பெட்டிக்குக் கார்டு கிடையாது. 9.40க்கு ஐந்து பின்னும் வந்து இறங்கிவிடும். ஆக, கணக்கில் சேராத ஹாரன்கள் ரேக்குக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருக்கும். ஆபரேட்டர் சில நேரம் அதிலிருந்து எடுப்பார், சில நேரம் பின்னிலிருந்து. தரையிலிருந்து எடுக்கும் நேரத்தில் கார்டு வராது, சூப்பர்மார்க்கெட்டுக்கு ஹாரன் செலவானதே தெரியாது. மலையின் முதல் கல் இதுதான்.

அடுத்து, எது நடந்தாலும் காரணம் கேட்காதீர்கள். கேட்டால் தூண் தெரிந்துவிடும், கார்டு பெட்டியை நகர்த்தச் சொல்வார்கள், இரண்டு ஸ்குரூவில் விஷயம் முடிந்துவிடும். அதற்குப் பதில், “பயத்துக்கு ரெண்டு பின் சேர்த்துப் போடு” என்று சொல்லுங்கள். ஐந்து ஏழாகும். அடுத்த தடவை டக்கர் பழுதாகி நின்றால் ஏழு ஒன்பதாகும். டக்கர்காரர் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி தோன்றினால் அவரைக் கேன்டீனுக்கு டீ வாங்க அனுப்புங்கள். ஒரு சுற்று போகும், பன்னிரண்டு பின் ஆகும். பன்னிரண்டு பின் என்றால் மூன்று மணி நேர ஹாரன். இப்போது கார்டு இரண்டு மணி நேரம் பையில் இருந்தாலும் லைன் நிற்காது. நோய் அப்படியே இருக்கும், வலி மட்டும் தெரியாது. லைன் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பின் கூடும் என்பதையும், லைன் நிற்காத மாதங்களில் யாரும் ஒரு பின்னைக்கூடக் குறைப்பதில்லை என்பதையும் பல ஆலைகளில் பார்க்கலாம்.

இதற்குள் ஸ்டோர்ஸ்காரர் உங்களிடம் வருவார். “சார், இத்தனை பின்னுக்குப் பிரிச்சு அடுக்க ஆளில்லை. பேலட்டோட இறக்கிடட்டுமா?” உடனே சரி சொல்லுங்கள். அவருக்குப் பிரிக்கும் வேலை மிச்சம், ஒரே தடவையில் ஃபோர்க்லிஃப்ட் கொண்டுவந்து வைத்துவிடும். 600 ஹாரன், பத்து மணி நேரத்துக்குக் கவலை இல்லை. இரண்டு பேலட் வைத்தால் இரண்டு ஷிப்டுக்கும் மேல். ஸ்டோர்ஸில் ஒரு தடவை செய்து முடிக்கக்கூடிய பிரிக்கும் வேலையை இனி ஆபரேட்டர் வண்டி நகர நகரச் செய்வார். அட்டையைக் கிழிப்பார், பாலிதீனை உருவுவார், குப்பையை எங்கே போடுவது என்று தேடுவார். ஸ்டோர்ஸ் செலவுக் கணக்கில் ஓர் ஆள் குறைந்ததாகக் காட்டலாம். லைனில் போன நொடிகளுக்கு யாரும் கணக்குப் பதிவேடு வைத்திருப்பதில்லை.

இடம்தான் கொஞ்சம் இடிக்கும். ஒரு பேலட் ஒரு மீட்டருக்கு மேல் நீளம். ஸ்டேஷனில் ஹாரன் மட்டுமா இருக்கிறது? பிராக்கெட், இண்டிகேட்டர், ஒயர் கிளிப் என்று எல்லாவற்றுக்கும் பேலட் வந்தால் ஹாரன் பேலட் ஐந்து மீட்டர் தள்ளிப் போகும். போகட்டும், நடப்பது உடம்புக்கு நல்லது. போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர், சுமார் எட்டு நொடி. 450 வண்டிக்கு 3,600 நொடி. ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் ஒரு மனிதர் ஹாரனுக்காக நடக்கிறார். ஐந்து பின் இருந்த காலத்தில் அதே ஹாரன் அவர் இடுப்பு உயரத்தில், கையை நீட்டினால் கிடைக்கிற தூரத்தில் இருந்தது. சிறிய பின்னின் முதல் லாபம் கிடங்கு வாடகையிலோ வட்டியிலோ இல்லை, இந்த எட்டு நொடியில் இருக்கிறது. இதை மேலிடத்தில் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் நிதித்துறை ஆட்கள், ஹாரன் விலையை வைத்து மட்டும் கணக்குப் போட்டு, “இதில் என்ன பெரிய பணம் முடங்கியிருக்கிறது” என்று உங்களை விட்டுவிடுவார்கள்.

மலை கட்டியாயிற்று. இனி லைன் நிற்காது என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் சுவாரசியம்.

பழைய ரேக் சரிவாக, உருளை வைத்தது. பின்பக்கத்திலிருந்து டக்கர்காரர் தள்ளுவார், முன்பக்கத்தில் ஆபரேட்டர் எடுப்பார். முதலில் வந்த பின் முதலில் தீர்ந்தே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. கீழ்த்தட்டு எதிர்ப்பக்கம் சரிந்திருக்கும், காலிப் பின் அதில் தானாகத் திரும்பிப் போகும். பேலட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. முன்னால் இருக்கும் பேலட் பாதி தீர்ந்ததும் அதன் தலையில் புதுப் பெட்டியை அடுக்குவார்கள். ஆபரேட்டர் மேலே இருப்பதைத்தான் எடுப்பார். அடியில் இருக்கும் ஹாரன்கள் வாரக்கணக்கில் அங்கேயே வாழும்.

ஒருநாள் ஒயரிங் மாறுகிறது. ஹாரனில் ஒயர் சொருகும் முனையும் அதற்கேற்ப மாறுகிறது. புது ஹாரன் வந்துவிட்டது, பின்னால் இருக்கும் பேலட்டில். முன்னால் பழையது 300 கிடக்கிறது. பெட்டியின் நிறம் ஒன்றுதான், பாக எண்ணில் கடைசி எழுத்து மட்டும் வேறு. காலையில் புது ஒயரிங்கோடு முதல் வண்டி வந்து நிற்கிறது, கையில் எடுத்த ஹாரன் சேரவில்லை. அடுத்ததை எடுக்கிறார், அதுவும் சேரவில்லை. பின்னால் இருக்கும் பேலட்டை வெளியே எடுக்க முன்னாலிருப்பதை நகர்த்த வேண்டும், அதற்கு ஃபோர்க்லிஃப்ட் வேண்டும், அது வேறெங்கோ இருக்கிறது. 900 ஹாரனுக்கு நடுவே நின்றுகொண்டு ஹாரன் இல்லை என்று லைனை நிறுத்துகிறீர்கள். ஐந்து பின் முறையில் இந்த மாற்றத்துக்குச் செய்ய வேண்டியது, பழைய கார்டுகளை ஒன்றேகால் மணி நேரம் முன்பிருந்து ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுப் புதியவற்றை நுழைப்பது மட்டும்தான்.

கோளாறான சரக்கு வந்தாலும் இப்படித்தான். லைன் கடைசியில் ஹாரனை அடித்துப் பார்க்கும் இடத்தில் ஒரு வண்டி ஊமையாக நிற்கிறது. பிறகு இன்னொன்று. முனை ஆடுகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். ஸ்டேஷனில் 75 மட்டும் இருந்தால் அவற்றைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். எந்த சப்ளையர் பெட்டியிலிருந்து வந்தது என்பதும் கார்டு போன வரிசையில் தெரியும். மலையிலோ மூன்று தேதிச் சரக்கு கலந்து கிடக்கும். எது நல்லது எது கெட்டது என்று பிரிக்க ஆள் போட வேண்டும். கலந்தே மாட்டியதால், இறங்கிப்போன வண்டிகளில் எவை சந்தேகத்துக்கு உரியவை என்று வரையறுக்கவும் வழியில்லை. எல்லாவற்றையும் அடித்துப் பார்க்க வேண்டியதுதான். அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்வார்கள்.

இந்த நிலையில் யாராவது ஒரு இளம் இன்ஜினியர் வந்து மலையைக் குறைக்கலாமே என்று கேட்டால், 1997ஐச் சொல்லி வாயை அடையுங்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி ஜப்பானில் காரியா என்ற ஊரில் அய்சின் நிறுவனத்தின் ஆலை எரிந்தது. டோயோட்டா கார்களின் பிரேக்குக்கு வேண்டிய சிறிய வால்வு கிட்டத்தட்ட முழுவதும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. டோயோட்டாவிடம் கொஞ்சம் கையிருப்புதான் இருந்தது, ஜப்பானில் அதன் ஆலைகள் நின்றுபோயின. “பார்த்தாயா, குவித்து வைத்திருந்தால்?” என்று கேளுங்கள். இன்ஜினியர் திணறுவார்.

திணறாமல், “சார், அது சப்ளையரே இல்லாமல் போனதற்கான பாதுகாப்பு. அதற்கு நாள் கணக்கில் இருப்பு வேண்டும், அதைக் கிடங்கில் வைத்துக்கொள்ளலாம், அல்லது இன்னொரு சப்ளையரைப் பிடிக்கலாம். லைன் ஓர இருப்பு ஸ்டோர்ஸுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையிலுள்ள ஒரு மணி நேரத்தைத் தாங்க மட்டும்தானே” என்று சொல்லிவிட்டால் பேச்சை மாற்றுங்கள். அவர் சொல்வது சரி. சப்ளையர் ஆலை எரிந்தால் உங்கள் இரண்டு பேலட் மூன்று ஷிப்ட்கூடத் தாங்காது.

மலை கட்ட மனம் வராதவர்களுக்கு எதிர்த்திசையில் கெடுக்கவும் ஒரு வழி உண்டு. அரை மணிச் சுற்று நல்லது என்றால் கால் மணிச் சுற்று இன்னும் நல்லதுதானே? ஐந்து பின் மூன்றாகக் குறையும், ரேக் இன்னும் ஒல்லியாகும், பார்வையாளர்களுக்குக் காட்டலாம். டக்கர்காரரின் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். பார்த்தால் இப்படி இருக்கும். பன்னிரண்டு ஸ்டேஷன், சுற்றுக்கு 30 பின். ஒரு பின்னை இறக்கிக் காலிப் பின்னை ஏற்ற 25 நொடி, ஆக பன்னிரண்டரை நிமிடம். சூப்பர்மார்க்கெட்டில் ஏற்ற எட்டு நிமிடம். 400 மீட்டர் சுற்ற ஐந்து நிமிடம். மொத்தம் இருபத்தைந்தரை, முப்பதுக்குள் மூச்சு விட நேரம் இருக்கிறது. கால் மணியாக்கினால் பின்கள் பாதியாகும், இறக்கும் நேரம் ஆறேகால், ஏற்றுவது நாலு. ஆனால் 400 மீட்டர் 200 மீட்டர் ஆகாது, அதே ஐந்து நிமிடம். கூட்டினால் பதினைந்தேகால். முதல் சுற்றிலிருந்தே அவர் தாமதம், ஒவ்வொரு சுற்றிலும் தாமதம் கூடிக்கொண்டே போகும். இரண்டாவது டக்கரும் ஆளும் கேட்க வேண்டியிருக்கும். இரண்டு பின் ஹாரனைக் குறைக்க ஓர் ஆள் சம்பளம்.

ஹாரனை மாட்டும் போல்ட்டையும் அரை மணிக்கு ஒருமுறை கொண்டுவரச் சொல்லுங்கள், குழப்பம் முழுமையாகும். போல்ட் காசுக்குப் பெறாதது, இடமும் அடைக்காது. தலா 900 போல்ட் பிடிக்கும் இரண்டு டப்பா வைத்தால் ஒன்று தீர்ந்து திரும்பி வருவதற்குள் மற்றது இரண்டு ஷிப்ட் ஓடும், கார்டே வேண்டாம், காலி டப்பாவே கார்டு. பெட்ரோல் டேங்க் இதற்கு நேர் எதிர். பெரிது, கீறல் விழும், ஐந்து நிறம். அதை நிறத்துக்கு ஐந்து பின் என்று வைக்க முடியாது, வண்டிகள் வரும் வரிசையிலேயே டிராலியில் ஏற்றி அனுப்ப வேண்டும். எல்லாப் பாகத்துக்கும் ஒரே விதி என்று சுற்றறிக்கை விட்டீர்களானால் மூன்றையும் ஒரே நாளில் கெடுத்துவிடலாம்.

இவ்வளவு சொல்லியும் இந்த வழிகாட்டியை மீற நினைக்கிறவர்கள் இருப்பீர்கள். கார்டு பெட்டியைக் கைக்கு எட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டு, டக்கர் வரும் நேரத்தில் அதன் பக்கத்தில் ஒரு ஷிப்ட் நில்லுங்கள். முதல் சுற்றை விட்டுவிடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஹாரனுக்கு இரண்டு கார்டு இருக்க வேண்டும், ஏனென்றால் அரை மணியில் தீர்வது இரண்டு பின். சுற்றுக்குச் சுற்று கார்டே இல்லாமல் இருந்து, பிறகு திடீரென்று ஐந்து இருந்தால் யாரோ பையில் வைத்திருக்கிறார். எப்போதும் ஒன்றுதான் இருக்கிறது என்றால் தரையில் கார்டு இல்லாத பெட்டி ஒன்று ஒளிந்திருக்கிறது, ரேக்குக்குக் கீழே குனிந்து பாருங்கள்.